மெட்டும் கெடாமல், பொருளும் கெடாமல்: காதல் பாட்டைத் தமிழாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் திருமண நாளன்று மனைவிக்கு அர்ப்பணித்துப் பாட, அவருக்குப் பிடித்த ஆங்கிலக் காதல் பாட்டை அதே மெட்டில் தமிழாக்கப் பார்க்கிறேன். பொருளைப் பிடித்தால் மெட்டு இடிக்கிறது. மெட்டைப் பிடித்தால் பொருள் ஓடிவிடுகிறது. காசு கொடுத்து யாரிடமாவது எழுதி வாங்கிவிடலாமா?

பதில்: காசு கொடுக்கும் முன் நீங்களே ஒரு பல்லவியும் ஒரு சரணமும் எழுதிப் பாருங்கள். அர்ப்பணிப்புக்கு அதற்கு மேல் தேவையில்லை. இடிக்கிறதற்குக் காரணம் உங்கள் தமிழ் அல்ல, நீங்கள் தொடங்கிய இடம். ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டே தமிழ் வரி எழுதினால் எவருக்கும் இடிக்கத்தான் செய்யும். 'ஐ லவ் யூ' மூன்றே ஒலித்துண்டு. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்றால் நான், உன், னைக், கா, த, லிக், கி, றேன் என்று எட்டு. மூன்று சுரத்துக்குள் எட்டைத் திணித்தால் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும்.

மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் செய்வதையே செய்யுங்கள். ஆங்கிலச் சொற்களை மறந்துவிட்டு, மெட்டை மட்டும் கேட்டு, 'தன தானா' என்று வாயால் சொல்லித் தத்தகாரமாக எழுதிக்கொள்ளுங்கள். சுரம் நின்று ஒலிக்கும் இடத்தில் 'தா', சட்டென்று கடக்கும் இடத்தில் 'த' அல்லது 'ன'. நேர், நிரை கணக்கெல்லாம் இங்கே வேண்டாம், வாய் சொன்னால் போதும். வேறொரு தாளில், ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்பதைப் பேச்சுத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதி, அதில் போகவே கூடாத ஒரு விஷயத்தின் கீழ் கோடிடுங்கள். மற்றவை பக்கத்து வரிக்குப் போகலாம், விட்டும் போகலாம். பொருள் கணக்கைச் சரணம் முழுதுக்கும் பாருங்கள், வரிக்கு வரி பார்க்காதீர்கள்.

ஒரு மாதிரி வரியை வைத்துப் பார்ப்போம். 'வென் த நைட் இஸ் லாங், ஐ வில் ஸ்டே வித் யூ' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஐந்தும் ஐந்தும் பத்துத் துண்டு. இரு பாதியிலும் அழுத்தம் மூன்றாவதிலும், நீண்ட சுரம் ஐந்தாவதிலும் விழுகிறது. தத்தகாரத்தில் 'தன தான தா, தன தான தா'.

நேர் மொழிபெயர்ப்பு 'இரவு நீளும்போது நான் உன்னோடு இருப்பேன்'. பதினான்கு துண்டு. முதலில் 'நான்' போகட்டும், 'இருப்பேன்' என்ற வினையிலேயே அது இருக்கிறது. பிறகு சேர்த்துச் சொன்னால் 'உன்னோடிருப்பேன்'. உன், னோ, டி, ருப், பேன்: ஐந்து வந்துவிட்டது! இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எண்ணிக்கை சரி, ஆனால் அழுத்தம் விழ வேண்டிய மூன்றாம் இடத்தில் 'டி' என்ற குறில் நிற்கிறது. பாடினால் 'உன்னோ டீருப்பேன்' என்று கேட்கும். 'உனை நீங்கிடேன்' என்று மாற்றுங்கள். உ, னை, நீங், கி, டேன். மூன்றாவதில் நெடில், அதுவும் சொல்லின் தொடக்கத்தில், ஐந்தாவதில் நெடில். 'கூடவே இருப்பேன்' என்பது 'பிரிய மாட்டேன்' ஆகியிருக்கிறது. உறுதிமொழி அதேதான்.

முதல் பாதிக்கு 'இருள் நீளினும்' என்பது பொருளில் கச்சிதம். ஆனால் கடைசி 'னும்' நீண்ட சுரத்தில் 'நூம்' ஆகிவிடும். 'இருள் நீண்டதோ' என்றால் கடைசியில் 'தோ' வாய் திறந்து நிற்கும். 'இருள் நீண்டதோ, உனை நீங்கிடேன்.' நீண்-நீங் என்ற மோனை அழுத்தத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. மோனையும் எதுகையும் இப்படி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தேடிப் போய்ப் பொருளை விற்காதீர்கள்.

நீண்ட சுரத்தில் குறிலை வைக்கவே கூடாது. தமிழில் நீட்டம் மாறினால் சொல்லே மாறிவிடும். 'என் உயிரே' என்பதில் 'என்' நீண்டால் 'ஏன் உயிரே' என்று கேள்வியாகிவிடும். 'உன்' நீண்டால் 'ஊன்', அதாவது இறைச்சி. 'தொடு' என்றால் 'தோடு'. காதல் பாட்டில் அதிகம் வரும் சொற்களே இவைதான் என்பதால் சொல்கிறேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீட்டினால் வேறு சொல் பிறக்காத குறில் தப்பிக்கலாம்: 'கனவு' நீண்டு 'கானவு' ஆனாலும், 'இதழ்' நீண்டு 'ஈதழ்' ஆனாலும் கேட்பவர் சரியாகவே புரிந்துகொள்வார். குறிலுக்குப் பின் ன், ம், ல், ள் போன்ற மெய் வந்தால் உயிரை நீட்டாமல் அந்த மெய்யில் முனகி நிற்கவும் செய்யலாம். ஆனால் தாழ்ந்த, மென்மையான சுரத்தில் மட்டும். குரல் மேலே ஏறும் இடத்தில் முனகினால் வலு போய்விடும். முன்பு பார்த்த மாதிரி வரியில் நீண்ட சுரம் இப்படி ஏறி நிற்கிறது என்று வையுங்கள், 'னும்' அங்கே முனகியும் ஒத்துவராது. க், ச், ட், த், ப் ஆகியவற்றில் நிற்கவே முடியாது.

வரி முடிந்ததும், தாளைக் காட்டாமல் ஒருவரிடம் பாடிக் காட்டி, என்ன கேட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். 'நீங்கிடேன்' என்பதில் எதிர்மறை கடைசித் துண்டில் இருக்கிறது. மூச்சு வாங்கி 'நீங்கி' என்று நிறுத்தினால் பொருள் தலைகீழ்! மூச்சு எங்கே என்பதையும் தாளில் குறித்து வையுங்கள்.

இனி, காசு வாங்கி எழுதித் தருகிறவர்கள். நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் மெட்டைக் கேட்பார்கள். ஆங்கில வரிகளை மட்டும் அனுப்பச் சொல்லி, வரிக்கு இவ்வளவு என்று விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். மெட்டைக் கேட்காதவருக்கு நீண்ட சுரம் எங்கே என்று தெரியவே தெரியாது. வருவது அன்பே, உயிரே, கண்மணி என்று எந்தப் பாட்டிலும் பொருந்தும் நிரப்புச் சொற்கள்தான். முன்பணத்துக்கு முன் நான்கு வரியைப் பாடி ஒலிப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் மட்டும் தருவேன் என்றால் விட்டுவிடுங்கள்.

'உரிமையும் வாங்கித் தருகிறோம்' என்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாட்டு வரியை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே என்று பதிப்புரிமைக்காக 1886-இல் ஏற்பட்ட பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த ஆட்கள் காட்டுவது பெரும்பாலும் பாட்டை உள்ளபடியே மறுபதிவு செய்வதற்கான உரிமம். அதில் சொல்லை மாற்ற இடமில்லை. மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வேண்டும், அதுவும் வரியின் பதிப்பாளரிடமிருந்து எழுத்தில். அந்தப் பதிப்பாளர்களின் விண்ணப்பப் படிவங்களோ பெரும்பாலும் நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்தவை. மனைவிக்காக ஒரு பாட்டு என்று கேட்கும் தனிமனிதருக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்றே தெரியாது. நேர்மையாகக் கேட்க வருபவரை இப்படி அலைக்கழிப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். வீட்டில் உறவுகள் நடுவே பாடுவதற்கு இந்தக் கவலை வேண்டாம். காணொளியாகப் பொதுவில் ஏற்றுவது வேறு: தமிழில் பாடினாலும் மெட்டைத் தானியங்கியாகக் கண்டுபிடித்துத் தடுத்துவிடக்கூடும். அப்படி ஏற்றத்தான் வேண்டும் என்றால், பதிப்பாளரின் பதில் கைக்கு வந்தபின் செய்யுங்கள்.