பாக்கிப் பணத்தைக் கேட்பது எப்படி?

கேள்வி: தனியாக டிசைன் வேலை செய்கிறேன். ஒரு வாடிக்கையாளர் ஜனவரி பில்லுக்கு இன்னும் பணம் தரவில்லை. மே மாதம் வந்துவிட்டது. மூன்று முறை கேட்டும் 'பார்க்கிறேன்' என்றுதான் பதில். நல்ல மனிதர், அடுத்த வேலையும் தருவதாகச் சொல்கிறார். உறவு கெடாமல் கறாராக எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் கடைசியாக அனுப்பிய மெயிலையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும், நேரம் கிடைக்கும்போது அந்தப் பேமெண்ட்டைக் கொஞ்சம் பாருங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாருங்கள் என்றீர்கள், அவரும் பார்க்கிறேன் என்றார். எந்த பில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எதுவுமே அதில் இல்லை. மன்னிப்பு கேட்கும்படி நீங்கள் எதுவும் செய்யவும் இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். வேலை தந்தவர் அவர். பணம் அனுப்புவது பெரும்பாலும் கணக்குப் பிரிவு. உங்கள் மெயிலை அவர் அப்படியே அங்கே தள்ளிவிட்டால், படிப்பவருக்கு எதையும் தேடாமல் விஷயம் புரிய வேண்டும். எனக்கே ஒரு முறை நான்கு மாதம் பணம் வரவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று மனம் கொதித்துப்போய்க் கணக்குப் பிரிவுக்கே போன் செய்தேன். பில்லில் அவர்களுடைய ஆர்டர் எண் இல்லாததால் அது பதிவாகவே இல்லையாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் முதலில் உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். வரி பிடித்தம் போக வேறு தொகையாக வந்திருக்கலாம். பில்லில் ஆர்டர் எண்ணும் வங்கி விவரமும் சரியா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், பழைய மெயில் தொடரிலேயே இப்படி எழுதலாம்:

"பொருள்: பில் எண் 27, செலுத்த வேண்டிய நாள் பிப்ரவரி 9, நிலுவை 90 நாள்

வணக்கம். ஜனவரி 10 தேதியிட்ட பில் எண் 27-க்கான தொகை பிப்ரவரி 9-க்குள் வந்திருக்க வேண்டும். இன்று, மே 10 வரை வரவில்லை. பில்லையும், வேலையை ஏற்றுக்கொண்டு நீங்கள் அனுப்பிய மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

மே 20-க்குள் முழுத் தொகையையும் அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பில்லில் திருத்தம் ஏதும் தேவைப்பட்டால் மே 13-க்குள் சொல்லுங்கள், அன்றே மாற்றி அனுப்புகிறேன். இந்தத் தொகை வந்ததும் புதிய வேலையைத் தொடங்குகிறேன். நன்றி."

பில் எண்ணையும் தேதியையும் உங்கள் பில்லுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, தொகையைப் பொருள் வரியிலேயே சேர்த்துவிடுங்கள். இதில் கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. 'பலமுறை கேட்டும்' என்று எழுதவே வேண்டாம், 90 நாள் என்ற கணக்கே அதைச் சொல்லிவிடும். மே 13 என்ற தேதியைக் காரணத்தோடுதான் வைத்தேன். பில்லில் குறை இருந்தால் அதை இப்போதே சொல்லும்படி ஆகிறது. 20-ஆம் தேதிக்குப் பிறகு புதிதாக ஒரு குறை முளைத்தால், அது சாக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசி வரியை எழுதத்தான் உங்களுக்குக் கை வராது, தெரியும். ஆனால் பழைய பாக்கி நிற்கும்போது புது வேலையை எடுத்தால், பாக்கி இரண்டாகும், அவ்வளவுதான். எழுதினால் அப்படியே நடந்துகொள்ளுங்கள். முடியாதென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். தாமதக் கட்டணமும் அப்படித்தான். வேலை தொடங்கும்போதே ஒப்புக்கொண்டிருந்தால் குறிப்பிடலாம், இல்லாததை இப்போது நுழைக்கக் கூடாது.

'அடுத்த வாரம் ஆகிவிடும்' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எந்தத் தேதி என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் பணம் அனுப்புவார்கள். அதற்கு முன் ஒப்புதல் வராத பில் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகும். அதனால் 'இந்தச் சுற்றில் என் பில் சேர்ந்திருக்கிறதா?' என்று கேட்பது நல்ல கேள்வி.

பதிலே வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்துப் போன் செய்யுங்கள். போனில் அவர் சொன்னதை அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள்: 'நாம் பேசியபடி 18-ஆம் தேதி பாதித் தொகையும், 30-ஆம் தேதி மீதியும் அனுப்புவதாகச் சொன்னீர்கள். சரிதானே?' அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், பாக்கி இருப்பதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. பிறகு வக்கீலிடம் போக நேர்ந்தால் அந்த மெயில் கைகொடுக்கும்.