விலை ஏறுகிறது, விற்க முடியவில்லை

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். டெலிகிராம் குழுவில் சொன்ன புது டோக்கன் ஒன்றில் 40,000 ரூபாய் போட்டேன். மூன்றே வாரத்தில் வாலெட்டில் 3 லட்சத்துக்கு மேல் காட்டுகிறது. விற்கப் போனால் ஒவ்வொரு முறையும் தோல்வி என்று வருகிறது. 10 சதவீதம் வரி கட்டினால் திறந்துவிடும், இல்லாவிட்டால் அவர்கள் தரும் இணையதளத்தில் வாலெட்டின் 12 சொற்களைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்கிறார் அட்மின். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். 40,000 ரூபாய் பெரும்பாலும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி மீதியைக் காப்பாற்றுவதுதான் வேலை.

அந்த 3 லட்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலைக்குப் போனாலும், உங்கள் கூடையை எடுக்க ஆள் இருந்தால்தான் அது உங்களுக்குப் பணம். புது டோக்கனில் அந்த ஆள் ஒரு பொதுப் பெட்டி. 'லிக்விடிட்டி பூல்' என்பார்கள். உருவாக்கியவர் அதில் 10 லட்சம் டோக்கனும் 1 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பணமும் போடுகிறார் என்று வையுங்கள். ஒரு டோக்கன் 10 பைசா. வாங்குபவர்கள் பணத்தைப் போட்டு டோக்கனை எடுப்பார்கள். இரண்டின் பெருக்குத்தொகை மாறாதபடி பெட்டி விலையை ஏற்றிக்கொண்டே போகும். எல்லோருமாக 4 லட்சம் போட்டதும் பெட்டியில் பணம் 5 லட்சம், டோக்கன் 2 லட்சம். விலை இப்போது இரண்டரை ரூபாய், அதாவது 25 மடங்கு! வெளியே இருக்கும் 8 லட்சம் டோக்கனுக்கு வாலெட்டுகள் 20 லட்சம் காட்டும். ஆனால் பெட்டியில் இருப்பது 5 லட்சம்தான். பூட்டுப் போடாத பெட்டி என்றால், உருவாக்கியவர் ஒரே பரிவர்த்தனையில் அதை வழித்துக்கொண்டு போகலாம். இதைத்தான் 'ரக் புல்' என்கிறார்கள்.

உங்களுடையதில் இன்னொரு தந்திரமும் சேர்ந்திருக்கிறது. வாங்கலாம், விற்க முடியாது என்று டோக்கனின் நிரலிலேயே எழுதிவிடுவார்கள். விற்பவரே இல்லாததால் வரைபடம் இறங்காமல் ஏறும், அதைக் காட்டியே அடுத்த ஆளைப் பிடிப்பார்கள். 2021-ல் வந்த ஸ்குவிட் டோக்கன் இப்படித்தான் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் கிட்டத்தட்ட பூஜ்யமானது.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பிஎன்பி செயின் என்ற பிளாக்செயினில் இருக்கும் டோக்கன் என்றால், அதன் பரிவர்த்தனைகளை எல்லோருக்கும் காட்டும் BscScan தளத்தில் டோக்கனின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் வாங்கி, விற்றது ஒன்றிரண்டு முகவரிகள் மட்டும் என்றால் விஷயம் முடிந்தது. வாங்குவதற்கு முன்பே honeypot.is போன்ற தளத்தில் விற்க முடிகிறதா என்று சோதிக்கலாம். ஆனால் இன்று விற்க விட்டு நாளை தடுக்கும் அதிகாரத்தை உரிமையாளர் கையில் வைத்திருக்கலாம், எனவே அது முழு உத்தரவாதம் அல்ல. 'பூல் பூட்டியிருக்கிறது' என்றால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஒரு மாதப் பூட்டு ஒரு மாதத்துக்குத்தான்.

வரி விஷயம் அப்பட்டமான பொய். கிரிப்டோ லாபத்துக்கு நம் நாட்டில் 30 சதவீத வரி உண்டு, சரி. அது வருமான வரித் துறைக்குக் கட்டுவது. டெலிகிராம் அட்மினின் வாலெட்டுக்கு யாரும் வரி கட்டுவதில்லை. '1 அனுப்பினால் 2 திரும்பும்' என்ற போலிப் பரிசுகளும் இதே வகைதான்: பணம் வர வேண்டுமென்றால் முதலில் நீங்கள் அனுப்ப வேண்டும். 2020 ஜூலையில் பிரபலங்களின் ட்விட்டர் கணக்குகளையே கைப்பற்றி அப்படிக் கேட்டார்கள். நிஜக் கணக்கிலிருந்து வந்ததால் பலர் அனுப்பிவிட்டார்கள்.

12 சொற்கள் இன்னும் மோசம். அவைதான் வாலெட். யார் கையில் இருக்கிறதோ, அவர் எந்த போனிலும் அதைத் திறப்பார். அந்த இணையதளம் உண்மையான வாலெட் தளத்தின் அச்சு அசல் நகலாக இருக்கும், முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஏற்கெனவே சொற்களைப் போட்டிருந்தால் இந்த நிமிடமே புது வாலெட் தொடங்கி மற்ற காயின்களை அதற்கு மாற்றுங்கள். சொற்களைப் போடாமல் தளத்தை இணைத்து 'Approve' மட்டும் அழுத்தியிருந்தால், இணைப்பைத் துண்டித்தால் போதாது. revoke.cash-ல் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். அந்த முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடினால் மேலே வரும் விளம்பரத்திலும் நகல் தளங்கள் உண்டு.

அப்புறம், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே பேசுங்கள், cybercrime.gov.in-லும் பதியுங்கள். யுபிஐ வழியாகப் பணம் போயிருந்தால் அதன் யுடிஆர் எண், டோக்கன் முகவரி, பரிவர்த்தனை எண், அட்மினின் பயனர் பெயர், அரட்டையின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. கொஞ்ச நாள் கழித்து 'இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்' என்று ஒருவர் வருவார். முன்பணம் கேட்டாரென்றால், அவர் அதே கும்பல், அல்லது அந்தக் கும்பலிடம் உங்கள் எண்ணை வாங்கியவர்.