தெருவில் பள்ளம், மண்ணுக்குள் வெல் பாயின்ட்: வீடு இறங்குமா?

கேள்வி: மணக்குடி காயலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தெருவில் பெரிய குழாய் பதிக்க பதினோரு அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டப் போகிறார்கள். நிறைய சின்னக் குழாய்களை மண்ணில் இறக்கி மோட்டார் வைத்துத் தண்ணீரை உறிஞ்சுவார்களாம், அதற்கு ‘வெல் பாயின்ட்’ என்று பெயராம். எங்கள் சுவருக்கும் பள்ளத்துக்கும் பதினைந்து அடிதான் இடைவெளி. கிணற்றில் இப்போது மூன்றடியில் தண்ணீர் நிற்கிறது. வீடு இறங்கிவிடுமா? வெடிப்பு வந்தால் சரி செய்து தருகிறேன் என்று ஒருவர் இப்போதே கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: கையெழுத்தை நிறுத்தி வையுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் வீட்டுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீடு இறங்குமா என்பது மோட்டாரைவிட மண்ணைப் பொறுத்த விஷயம்.

தண்ணீரில் முங்கிக் கிடக்கும் மண், கிணற்றில் முங்கிய குடம் மாதிரி. தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் லேசாக இருக்கும், வெளியே தூக்கினால்தான் அதன் முழு எடை கைக்குத் தெரியும். நிலத்தடி நீரை இறக்கும்போது மண்ணின் எடையும் அப்படித்தான் கீழே உள்ள மண்மேல் ஏறி உட்காரும். தண்ணீர் ஓர் அடி இறங்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ கூடுதல் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் கீழே இரண்டடி வரை தண்ணீரை இறக்க வேண்டும். அதாவது மூன்றடியில் நிற்கும் தண்ணீர் பதின்மூன்றடிக்குப் போக வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் பத்தடி இறக்கம். வீட்டுக்குக் கீழே வரும்போது அது எட்டடியாகக் குறையும் என்று எடுத்துக்கொண்டால், சதுர மீட்டருக்குச் சுமார் 2.4 டன். ஒரு தட்டு வீட்டின் அஸ்திவாரத்துக்கு இது சின்னப் பாரம் இல்லை.

இந்தப் பாரத்தைக் கடல்மணல் சிரமமில்லாமல் தாங்கிவிடும். அடியில் நல்ல மணல் மட்டும் இருந்தால் சில மில்லிமீட்டர் இறங்கும், அதுவும் உடனே இறங்கி நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் காயல் ஓரத்தில் மணலுக்குக் கீழே கறுத்த களி படிந்திருக்கும் இடங்கள் உண்டு. நான் பயப்படுவது அந்தக் களிக்குத்தான். ஆறடி தடிமனுள்ள மென்களி இருந்து, அதற்கு நடுத்தரமான அமுங்கும் தன்மை என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த 2.4 டன்னுக்கு மொத்த இறக்கம் 22 மில்லிமீட்டர் வரும். ஆனால் களியிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் பிழிந்து வெளியேறும், அதனால் அது ஒரே நாளில் இறங்காது. பத்து நாளில் சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு மாதத்தில் 11, நாலு மாதம் ஓடினால் 20. மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும், அமுங்கிய களி எழும்பாது.

இந்தக் கணக்கில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது நாட்களைத்தான். உங்கள் வீட்டு முன்னால் ஒரு வாரத்தில் தோண்டி, குழாய் வைத்து, மூடிவிட்டால் ஒன்றுமில்லை. குழாய் வரவில்லை, பில் பாஸாகவில்லை என்று பள்ளத்தைத் திறந்துபோட்டு மோட்டாரை ஒன்றரை மாதம் ஓட்டினால் அதே மண்ணில் அதே வீடு வெடிக்கலாம். நான் பார்த்த ஒப்பந்தங்கள் பலவற்றில் நீரிறக்கும் வேலை ‘மொத்தமாக இவ்வளவு ரூபாய்’ என்று ஒரே வரியில் இருந்தது. எத்தனை நாள், எவ்வளவு ஆழம், யார் அளப்பது என்று ஒன்றுமே இல்லை. கிலோமீட்டர் கணக்கில் நீளும் பள்ளத்துக்கு விரல்விட்டு எண்ணும் இடங்களில் மண் துளைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் களி இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. கேட்டால் ‘டெண்டரில் இல்லை சார்’ என்பார்கள். முப்பது வருஷமாக இதே பதிலைக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

வீடு முழுக்க ஒரே சீராக 20 மில்லிமீட்டர் இறங்கினால்கூடச் சுவர் வெடிக்காது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால்தான் வெடிக்கும். பத்தடிக்கு 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் செங்கல் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறும் கீறல் விழத் தொடங்கும். அதனால் இதை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்: வீட்டு மனையில் முன்பு கதம்பை ஊறப்போட்ட குளம் ஏதாவது இருந்து, அதை மண் போட்டு மூடினார்களா? பாதி வீடு கெட்டி மணல்மேல், பாதி அந்தக் குளத்துச் சேற்றின்மேல் என்றால் நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் உதவாது. தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் மண் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மண் ஒரு முறை தாங்கிய பாரத்தை மறக்காது. கோடையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடிக்கு இறங்கும்? எட்டடி வரை வருஷா வருஷம் இறங்குகிறது என்றால், அந்த எட்டடிக்குரிய பாரத்தை உங்கள் களி ஏற்கெனவே பல கோடைகளில் சுமந்து, அமுங்கவேண்டியதை அமுங்கி முடித்துவிட்டது. இப்போது வீட்டுக்கடியில் மூன்றடியிலிருந்து பதினோரடிக்கு இறக்கினாலும், களிக்குப் புதிதாகத் தெரிவது எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையிலான மூன்றடிதான். இறக்கம் 22-இலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். கிணற்று உறையில் பாசிக் கறை எந்த உறைவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரி பொய் சொல்லாது.

ஆனால் இதை வைத்து ஏமாந்துவிடவும் கூடாது. மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பியபின் கிணற்றில் தெரியும் மட்டம் நிலத்தின் மட்டம் இல்லை. விடியற்காலையில், யாரும் இறைப்பதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு. கோடையில் ஒன்றிரண்டு நாள் மட்டும் எட்டடிக்குப் போய்த் திரும்பினால் அதுவும் கணக்கில் சேராது, வாரக்கணக்கில் அங்கே நின்றிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறும் அதே கதையைச் சொல்ல வேண்டும். ‘கோடையில் தானே இறங்குகிறதே’ என்று மேஸ்திரி ஒற்றை வரியில் முடித்தால், எந்தக் கிணற்றில், எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேளுங்கள். இதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. மாசி, பங்குனியில் தோண்டினால் இறக்கவேண்டிய தண்ணீரே பாதிதான்.

அடுத்தது இன்னும் பெரிய பொறி. ‘வெல் பாயின்ட்’ என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ செய்வது. உண்மையான வெல் பாயின்ட்டில் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்கள், நுனியில் சல்லடை வைத்து, பள்ளத்தின் ஓரமாக மூன்றிலிருந்து ஐந்தடிக்கு ஒன்று இறங்கும். எல்லாம் மேலே ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, வெற்றிட பம்புக்குப் போகும். தோண்டுவதற்கு முன்பே தண்ணீர் இறங்கிவிடும், பள்ளத்தின் அடி காய்ந்த மணலாக இருக்கும். உங்கள் ஆழத்துக்கு ஒரே வரிசை போதும். இந்த முறையில் சுமார் பதினெட்டு அடிக்குமேல் உறிஞ்ச முடியாது, உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

காசை மிச்சம் பிடிக்கிறவர் நாலு குழாயைப் பேருக்கு நட்டுவிட்டு, பள்ளத்தின் நடுவில் குழி வெட்டி டீசல் பம்பை இறக்கிவிடுவார். அப்போது தண்ணீர் பள்ளத்தின் அடியிலிருந்து பொங்கி வரும், மணலையும் தூக்கிக்கொண்டு வரும். அந்த மணல் உங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து வருவது. ஒருமுறை கடலோரத்தில் இப்படி ஓர் இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். வீட்டின் முன்படிக்கட்டு அப்படியே நின்றது, அதற்கடியில் கையை முழங்கைவரை விட்டேன், வெறும் இடம். நிலம் அமுங்கவே இல்லை, அடியில் இருந்த மணல்தான் பம்பு வழியாகப் போயிருந்தது. ஆனால் எல்லோரும் ‘வெல் பாயின்ட் போட்டதால் வீடு போச்சு’ என்றார்கள். அங்கே ஒரு வெல் பாயின்ட்கூட ஒழுங்காக ஓடவில்லை.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். வெளியேற்றும் குழாயில் ஒரு வெள்ளை பக்கெட்டைப் பிடியுங்கள். அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள், பிறகு தண்ணீரை மெல்லச் சாய்த்து அடியைப் பாருங்கள். ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரம் கலங்கல் வரும், அது இயல்பு. மறுநாளும் பத்து லிட்டர் பக்கெட்டில் ஒரு டீஸ்பூன் மணல் தங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு டீஸ்பூன் ஏழு கிராம்தானே என்று தோன்றும். பம்பு மணிக்கு 40,000 லிட்டர் தள்ளினால் ஒரு நாளைக்கு 670 கிலோ மணல் உங்கள் தெருவுக்கடியிலிருந்து போகிறது. பக்கெட்டின் அடியையும், பம்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பள்ளத்தின் பக்கங்களுக்குத் தகடு அல்லது பலகை முட்டுக் கொடுக்காமல் தோண்டினாலும் இதே கதிதான். ராத்திரி கரண்டு போனால் பம்பு நின்றுவிடாதபடி மாற்று இயந்திரம் இருக்க வேண்டும். தண்ணீர் திரும்பி ஏறினால் பள்ளத்தின் அடி பொங்கி, கரை சரியும்.

சரி, கையெழுத்து. வேலை தொடங்குவதற்கு முன் வீட்டில் ஏற்கெனவே உள்ள கீறல்களை யாராவது எழுதிப் படம் எடுத்தார்களா? இல்லையென்றால் நீங்களே எடுங்கள். ஒவ்வொரு கீறலின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை கீறலுக்குக் குறுக்கே சிமெண்டால் ஒட்டுங்கள், கீறல் விரிந்தால் அது உடையும். கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூப்பை வைத்து முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒரே மட்டத்தில் குறி போட்டு, வாரம் இருமுறை ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் எழுத்தில் தெரிவியுங்கள்.

கையெழுத்துக் கேட்பவர் யாருடைய ஆள் என்று முதலில் கேளுங்கள். ‘வெடிப்பு வந்தால் பூசித் தருகிறோம்’ என்ற தாளில் பெரும்பாலும் இன்னொரு வரி ஒளிந்திருக்கும்: இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. இறக்கம் நிற்பதற்கு முன் பூசினால் மூன்று மாதத்தில் மறுபடி கீறும், அப்போது உங்கள் கையெழுத்துத்தான் உங்களுக்கு எதிரி. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், அஸ்திவாரத்துக்கு அடியில் சிமெண்ட் பால் செலுத்த வேண்டும் என்று ஒரு தொகை சொல்வார்கள். களியில் அந்தச் சிமெண்ட் பால் போகவே போகாது. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதிக் கேட்க வேண்டியது வேறு. உங்கள் வீட்டு முன்னால் பள்ளம் எத்தனை நாள் திறந்திருக்கும், வெல் பாயின்ட் எத்தனை அடிக்கு ஒன்று, தண்ணீர் மட்டத்தை யார் அளந்து எழுதுவார்கள், வெளியேற்றும் தண்ணீரில் ஒரு பகுதியைப் பள்ளத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஊற்றி உள்ளே விட முடியுமா. கடைசியாகச் சொன்னது வீட்டுக்கடியில் மட்டம் அதிகம் இறங்காமல் பிடித்து வைக்கும். ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும். நான் கேட்டபோதெல்லாம் ‘வழக்கமில்லை’ என்றார்கள், செய்ய முடியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.