ஏப்ரலில் கட்டுவதா, மார்ச்சில் கட்டுவதா?

கேள்வி: பி.பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் போடுகிறேன். ஏப்ரலில் போட்டால் என்ன, மார்ச்சில் போட்டால் என்ன?

பதில்: வித்தியாசம் பெரியது. மார்ச் கடைசியில் கட்டும் பணத்துக்கு அந்த ஆண்டு வட்டியே கிடையாது. மாதத்தின் 5-ஆம் தேதிக்குப் பிறகு உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. எனவே மார்ச்சில் கட்டுவது ஆண்டு இறுதித் தவணை. P ஆண்டுத் தொகை, r வட்டி விகிதம், n ஆண்டுகள் எனில், எதிர்கால மதிப்பு:

```
FV = P × ((1+r)^n − 1) / r
```

வட்டி 7.1 சதவீதமாகவே நீடிப்பதாகக் கொண்டால் (அரசு மாற்றக்கூடும்), 15 ஆண்டுகளில் சுமார் ரூ.37.99 லட்சம். ஏப்ரல் 5-க்குள் கட்டினால் ஒவ்வொரு தவணையும் ஓராண்டு கூடுதலாக வளரும். எனவே விடையை 1.071-ஆல் பெருக்குங்கள்: ரூ.40.68 லட்சம். போட்ட தொகை ஒன்றுதான். தேதி மட்டுமே சுமார் ரூ.2.70 லட்சத்தைக் கூட்டுகிறது.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 15 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.1.5 லட்சம் எடுக்க, இன்று எவ்வளவு முதல் வேண்டும்?

```
PV = P × (1 − (1+r)^−n) / r
```

அதே வட்டியில், ஆண்டு இறுதியில் எடுத்தால் ரூ.13.58 லட்சம். தொடக்கத்திலேயே எடுத்தால், மறுபடியும் 1.071 மடங்கு: ரூ.14.54 லட்சம். சேமிப்பவருக்கு லாபமான முன்தேதி, முதலை ஒதுக்குபவருக்குச் செலவு.

எக்செலில் ஏப்ரல் கணக்குக்கான சூத்திரம் கீழே; அதன் கடைசி 1 ஆண்டுத் தொடக்கத்தைக் குறிக்கும், அதை விட்டுவிட்டால் எக்செல் ஆண்டு இறுதி என்றே எடுத்துக்கொள்ளும்:

```
=FV(0.071,15,-150000,0,1)
```

விடை சுமார் 37.99 லட்சம் என்று வந்தால் அந்த 1 விடுபட்டிருக்கிறது.