ஆடிக் காற்றில் நிற்கும் சிம்னி, இளங்காற்றில் ஏன் ஆடுகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் 24 மீட்டர் உயரம், 80 செ.மீ. விட்டத்தில் புது இரும்பு சிம்னி வைத்தோம். ஆடிக் காற்றில் சும்மா நிற்கிறது, லேசான காற்றில் ஆடுகிறது. எண்ணினால் 10 விநாடிக்கு 12 ஆட்டம். கனமான தகட்டில் மாற்றச் சொல்கிறார் செய்து கொடுத்தவர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், முன்பணமும் கொடுக்காதீர்கள். சிம்னி காற்றடிக்கும் திசையில் ஆடுகிறதா, குறுக்கே ஆடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே என்றால் காரணம் சுழல்தான். உருண்டையான சிம்னியைக் கடக்கும் காற்று, அதன் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். ஒவ்வொரு சுழலும் சிம்னியைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு சிம்னியின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகும். காற்று வலுத்தால் தாளம் தப்பும், ஆட்டம் அடங்கும்.

ஒத்துப்போகும் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். விநாடிக்கு 1.2 ஆட்டம், அதை 0.8 மீட்டர் விட்டத்தால் பெருக்கி, பிறகு 5-ஆல் பெருக்குங்கள். விநாடிக்கு 4.8 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர். நீலகிரியில் இது சாதாரணக் காற்று, வருடம் முழுக்க வரும். அதுதான் ஆபத்து. தினமும் ஆடி ஆடி அடிப்பகுதி வெல்டிங் களைத்துப்போய் விரிசல் விடும்.

கனத் தகடு விற்பவர்களிடம் ஜாக்கிரதை. அதே விட்டத்தில் தகடு தடித்தால் விறைப்பும் எடையும் சேர்ந்தே கூடும், ஆட்ட எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறாது. எடையால் வீச்சு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்குப் புது சிம்னி விலையா? 'மலையில் காற்றின் அடர்த்தி குறைவு, பயமில்லை' என்பார்கள். இந்த 17 கிலோமீட்டர் கணக்கில் காற்றின் அடர்த்தியே வராது.

உங்களுக்கு வேண்டியது ஸ்ட்ரேக், அதாவது சிம்னியின் வெளியே சுருளாக ஏறும் தகடு. உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, 8 மீட்டருக்கு, மூன்று சுருள்கள். தகடு 8 செ.மீ. வெளியே நீட்ட வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 4 மீட்டர் ஏற்றம். சுழல்கள் மேலும் கீழும் ஒரே நேரத்தில் உதிராதபடி இது சிதறடித்துவிடும். நேர்க்கோட்டில் பட்டை ஒட்டிவிட்டு ஸ்ட்ரேக் என்று பில் போடுபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், ஸ்ட்ரேக் போட்ட பகுதியில் புயல் காற்றின் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அடித்தள போல்ட் அதைத் தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்கு வாங்காமல் வெல்டரை ஏற்றாதீர்கள்.

பக்கத்திலேயே பழைய சிம்னி நிற்கிறதா? இதை நீங்கள் எழுதவில்லை. நான்கைந்து விட்ட தூரத்தில், உங்கள் கணக்கில் 4 மீட்டருக்குள், இன்னொன்று நின்றால் அதன் சுழல்கள் புதியதில் வந்து மோதும். ஸ்ட்ரேக்கை நம்ப முடியாது. பழையதை இறக்கிவிட முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால், உச்சியில் ஆட்டத்தை உறிஞ்சும் டேம்பர் வைக்க வேண்டும். காற்று பழைய சிம்னி பக்கமிருந்து வரும் நாட்களில் மட்டும் ஆட்டம் கூடினால், இதுதான் விஷயம்.

அனுமதி தரும் அலுவலகங்களில் உயரம் கேட்பார்கள், புகை கேட்பார்கள். ஆடுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இரும்பு சிம்னிகளுக்கான இந்தியத் தரநிலையான IS 6533 இரண்டாம் பகுதியில் இதற்கென்றே விதி இருந்தும் இந்த நிலைமை. அதனால் நீங்களே இந்த வாரம் அடிப்பகுதி வெல்டிங்கைச் சுற்றிப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் பாய்லரை நிறுத்தி, சிம்னி விழக்கூடிய தூரம் வரை ஆட்களை அப்புறப்படுத்துங்கள்.