நின்றுபோன ஓய்வூதியம்: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். மாதம் 31,400 ரூபாய் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக வரவில்லை. வங்கியில் கேட்டால் "எங்களுக்குப் பணமே வரலை சார்" என்கிறார்கள். இன்டர்நெட் சென்டரில் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று போட்டு எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துவிட்டது. உடனே வரவு வைக்கும்படியும், தாமதத்துக்கு 8% வட்டி தரும்படியும் கிளைக்குக் கடிதம் எழுதலாமா?

பதில்: எழுதுங்கள் ஐயா. ஆனால் கடிதத்தில் கேட்பதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தமிழக அரசின் ஓய்வூதியத்தை உங்களுக்கு வழங்குவது கருவூலம். வங்கி அதை வாங்கி உங்கள் கணக்கில் சேர்ப்பதோடு சரி. நீங்கள் கேள்விப்பட்ட 8% வட்டி, வங்கியே ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு வழங்கும் இடங்களில் அது தாமதித்தால் தர வேண்டியது. உங்களுக்கு அது பொருந்தாது. "உடனே வரவு வையுங்கள்" என்று எழுதினால், வாய்மொழியாகச் சொன்ன பதிலையே தாளில் அடித்துத் தருவார்கள்.

வங்கியிடம் கேட்க வேண்டியது வேறு. கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் கணக்கு முடக்கப்பட்டிருந்தால், கருவூலம் அனுப்பிய பணம் வந்த வழியே திரும்பிப் போயிருக்கலாம். அது பாஸ்புக்கில் ஒரு வரிகூடப் பதியாமல் நடக்கும். வங்கி இணைப்பால் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருந்தாலும் பணம் திரும்பும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கருவூலத்தில் கொடுத்திருக்கும் அதே கணக்கு எண், அதே ஐ.எஃப்.எஸ்.சி. போட்டு, பிள்ளைகளை நெஃப்டில் பத்து ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். போன் நம்பருக்கு அனுப்பக் கூடாது, அது வேறு கணக்குக்குப் போய்விடலாம். பத்து ரூபாய் வந்து சேர்ந்தால், கணக்கு இன்றைக்குப் பணம் வாங்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். போன இரண்டு மாதமும் அப்படியே இருந்ததா என்பதை வங்கிதான் சொல்ல வேண்டும். அதனால் கடிதம் இப்படி இருக்கட்டும்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். என் சேமிப்புக் கணக்கு எண் ______, ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் எண் ______. கடைசியாக ஓய்வூதியம் வரவான நாள் ______. அதன்பின் வரவில்லை. கீழ்க்கண்டவற்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். என் கணக்கு இந்த இரண்டு மாதத்தில் எந்த நாளிலாவது முடக்கத்திலோ செயல்படாத நிலையிலோ இருந்ததா? கருவூலத்திலிருந்து என் கணக்குக்கு வந்த தொகை ஏதும் திருப்பி அனுப்பப்பட்டதா? ஆம் எனில் எந்தத் தேதியில், என்ன காரணத்தால்? கிளையின் இப்போதைய ஐ.எஃப்.எஸ்.சி. என்ன?"

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். அதற்கு இந்த முத்திரைப் பிரதிதான் ஆதாரம்.

இப்போது எஸ்.எம்.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். என் சந்தேகம் முழுக்க இதில்தான். அந்த எஸ்.எம்.எஸ். வந்ததால் சான்று உருவாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். கருவூலம் அதை ஏற்றுக்கொண்டது என்றாகாது. படிவத்தில் Disbursing Agency என்று ஓர் இடம் வரும். பணம் வங்கிக் கணக்கில்தானே விழுகிறது என்று பலர் அங்கே வங்கியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சான்று வங்கிக்குப் போய்விடும், கருவூலத்தின் பார்வைக்கே வராது. உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நேர்காணலுக்கு நீங்கள் வராதவர் என்றுதான் அங்கே இருக்கும். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் இதே கதைதான்.

எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள பிரமாண் எண்ணை வைத்து jeevanpramaan.gov.in தளத்தில் சான்றை இறக்கி, அந்த வரியைப் பாருங்கள். கருவூலம் என்று இல்லையென்றால் புதிதாக எடுக்க வேண்டும். தபால்காரரை வரச் சொன்னால் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டு வாசலிலேயே எடுத்துக் கொடுப்பார். விரல் ரேகை தேய்ந்து கருவி ஏற்கவில்லையென்றால் முகப் பதிவு வசதியும் இருக்கிறது. படிவத்தை நிரப்பும்போது பி.பி.ஓ. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். முன்பு எல்லோருக்கும் ஒரே காலத்தில் நடந்த நேர்காணல் இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்துக்கு மாறிவிட்டது. அந்த மாதம் தவறிப்போனதா என்பதையும் பாருங்கள்.

வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்காமல், அதே நாளில் உங்கள் பி.பி.ஓ. எந்தக் கருவூலத்தில் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை போக வேண்டியிருந்தாலும் ஒரு நாள் அலைச்சலோடு முடியும். பி.பி.ஓ. புத்தகம், ஆதார், பாஸ்புக் மூன்றும் கையில் இருக்கட்டும். "நேர்காணல் பதிவாகியிருக்கிறதா, பணம் அனுப்பித் திரும்பியதா, அனுப்பவே இல்லையா?" என்று கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் அங்கேயே நேரில் முடித்துக்கொள்ளலாம். நின்றுபோன மாதங்களுக்கான தொகையும் நிலுவையாகக் கிடைக்கும்.

ஒன்றே ஒன்று. கோபத்தில் இந்தக் கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடாதீர்கள். கருவூலத்தில் புதுக் கணக்கு எண் ஏறும்வரை, வர வேண்டிய நிலுவையும் மூடிய கணக்கில் மோதித் திரும்பிவிடும்.