பாராட்டுக்கு என்ன பதில் சொல்வது?

"தையல் கடை வைத்திருக்கிறேன். யாராவது பிளவுஸ் நல்லா இருக்கு என்றால் 'நன்றிங்க, மறுபடி வாங்க' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிடுகிறேன். இயல்பாக எப்படிப் பேசுவது?"

அவர் எதைச் சொல்லிப் பாராட்டினாரோ, அதையே பிடித்துக்கொண்டு பேசுங்கள். எனக்கும் தையல் கடைதான். போன வாரம் ஒரு அக்கா, "இந்தத் தடவை கை இறுக்கவே இல்லப்பா" என்றார். "அப்பாடா! போன தடவை சொன்னீங்கல்ல, அதான் அக்குள் பக்கம் அரை இன்ச் கூட விட்டு வெட்டினேன். கையைத் தூக்கிப் பார்த்தீங்களா?" என்றேன். கடையிலேயே கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நன்றி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அடக்கமாக இருப்பதாக நினைத்து "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று மறுக்காதீர்கள். ஆசையாகச் சொல்ல வந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். அவர் பாராட்டிய கொக்கியை வைத்தது கடைப் பையன் என்றால் அவனைக் கூப்பிட்டு, "டேய், அக்கா உன் வேலையைத்தான் சொல்றாங்க" என்று அவன் பக்கம் திருப்பிவிடுங்கள்.

வெறுமனே "சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவரிடம் இவ்வளவு பேச வேண்டாம். "சந்தோஷம்க்கா" போதும். அந்த மூச்சிலேயே "கூகுள்ல ஸ்டார் போடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதை அடுத்த தடவை பில் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.